வீட்டோ போட்ட கணக்கை எண்ணினால் போதுமா?

நெல்லைவாசி | 4 அக்டோபர் 2025, காலை 9.10

செப்டம்பர் 18 அன்று காசா போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு 14 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா மட்டும் எதிர்ப்பு, தீர்மானம் செத்தது. அன்றிலிருந்து எங்கள் டீக்கடை முதல் வாட்சப் குழு வரை "வீட்டோவை ஒழி" என்ற பேச்சுதான். எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஒரு சந்தேகம். பாதுகாப்பு கவுன்சில் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது தீர்மானங்கள் நிறைவேற்றுகிறது. வீட்டோவால் விழுபவை விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான். அப்படியானால் கவுன்சில் பெரும்பாலும் ஒழுங்காகத்தானே வேலை செய்கிறது? வீட்டோவை ஏன் இவ்வளவு பெரிய பூதமாகப் பார்க்கிறோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரக்குப்பதிவு | 4 அக்டோபர் 2025, பகல் 1.40

இந்த எண்ணிக்கைதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. 2021 முதல் 2023 வரை துருக்கியின் ஹதாய் மாகாணத்தில், ரெய்ஹான்லி பக்கம், சிரியாவுக்குப் போகும் நிவாரணச் சரக்கின் தாள் வேலை பார்த்தேன். கவுன்சிலில் யாரும் கையைத் தூக்காத நாட்களிலும் வீட்டோ எங்கள் கிடங்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

2014 ஜூலையில் கவுன்சில் 2165 என்ற தீர்மானத்தை 15-0 என்று நிறைவேற்றியது. டமாஸ்கஸ் அரசின் சம்மதம் இல்லாமலே, அதற்குத் தகவல் மட்டும் சொல்லிவிட்டு, நான்கு எல்லை வாயில்கள் வழியாக ஐ.நா. லாரிகள் சிரியாவுக்குள் போகலாம் என்றது. துருக்கியிலிருந்து பாப் அல்-ஹவா, பாப் அல்-சலாம். ஈராக்கிலிருந்து அல்-யாருபியா. ஜோர்டானிலிருந்து அல்-ரம்தா. அனுமதி முதலில் 180 நாளுக்குத்தான், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நீட்டித்தார்கள். அந்த "காலாவதி தேதி"யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

2019 டிசம்பரில் பெல்ஜியம், ஜெர்மனி, குவைத் மூன்றும் எழுதிய நீட்டிப்பு வரைவில் மூன்று வாயில்கள் இருந்தன. 13 ஓட்டு ஆதரவு. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. ரஷ்யா சொன்னது: இரண்டு வாயில், ஆறு மாதம். 2020 ஜனவரி 10, பழைய அனுமதி முடியும் நாளிலேயே, புதிய தீர்மானம் நிறைவேறியது. அதில் என்ன இருந்தது? இரண்டு வாயில், ஆறு மாதம். உங்கள் கணக்கில் அது "நிறைவேறிய தீர்மானம்" பத்தியில் ஏறும்.

2020 ஜூலையில் இரண்டு வாயில்களைக் காப்பாற்ற மறுபடி முயன்றார்கள். 7ஆம் தேதி ஒரு வீட்டோ, 10ஆம் தேதி இன்னொன்று. 11ஆம் தேதி ஒரே ஒரு வாயிலுடன், பாப் அல்-ஹவாவுக்கு மட்டும், 12 மாதம் என்று நிறைவேறியது. அதுவும் வெற்றிப் பட்டியலில்தான் இருக்கிறது.

நான்கு வாயில் ஒன்றாகச் சுருங்கியது. அதைச் சுருக்கிய இரண்டு தீர்மானங்களும் நிறைவேறியவை. வீட்டோவை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது, எதைக் கொடுத்து அந்த வெற்றியை வாங்கினார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

வாத்தியார்_ஓய்வு | 4 அக்டோபர் 2025, மாலை 6.05

தம்பி சொல்வது சரி, ஆனால் வீட்டோ எப்போதும் கெட்டது என்ற தொனி வேண்டாம். 1971ஐ மறக்கக்கூடாது. நான் அப்போது கல்லூரி மாணவன், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தோம். டிசம்பர் 4, 5, 13 என்று மூன்று முறை சோவியத் யூனியன் போர்நிறுத்த வரைவுகளைத் தடுத்தது. 16ஆம் தேதி டாக்காவில் சரண். அந்த வீட்டோ இல்லையென்றால் வங்கதேசத்தின் கதை வேறு.

பொதுச்சபைக்குக் கொண்டுபோனால் வீட்டோவைத் தாண்டலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். அன்றும் கொண்டுபோனார்கள். டிசம்பர் 7 அன்று பொதுச்சபை 104க்கு 11 என்று போர்நிறுத்தம் கேட்டது. இந்தியா நிறுத்தவில்லை. பொதுச்சபை கேட்கலாம், கட்டளையிட முடியாது.

சரக்குப்பதிவு | 4 அக்டோபர் 2025, இரவு 8.30

ஐயா, 1971 என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. அங்கே வீட்டோ செய்தது என்ன? நடப்பதை அப்படியே நடக்கவிட்டது. களத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. அன்று நம் பக்கம் கை ஓங்கியிருந்தது, நமக்கு நல்லதாகத் தெரிந்தது. வீட்டோ எப்போதும் "இப்போது இருக்கும் நிலை"யின் பக்கம்தான் நிற்கும். அந்த நிலை எது என்பதை அதற்கு முன்னால் யாரோ எழுதிவைத்துவிடுகிறார்கள், அந்த எழுத்தைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

ஜூனியர்_வக்கீல் | 5 அக்டோபர் 2025, காலை 7.50

ஒரு சட்டத் திருத்தம். சாசனத்தின் 27(3) பிரிவில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் "இசைவான ஓட்டுகள்" வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆகவே ஒரு நிரந்தர உறுப்பினர் ஓட்டுப் போடாமல் விலகினாலே அது வீட்டோதான். சீனா பல தடவை விலகியிருக்கிறது, அதையெல்லாம் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போகும்.

இன்னொன்று. ஈரான் விஷயத்தில் போன மாதம் ரஷ்யா, சீனா இரண்டும் வீட்டோ போட்டும் தடைகள் திரும்பி வந்துவிட்டன. வீட்டோ வலுவிழந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

சரக்குப்பதிவு | 5 அக்டோபர் 2025, காலை 11.15

முதல் விஷயத்தில் எழுத்து உங்கள் பக்கம், நடைமுறை எதிர்ப்பக்கம். நாற்பதுகளின் இறுதியிலிருந்தே விலகலை வீட்டோவாகக் கருதாமல்தான் கவுன்சில் நடந்துவந்தது. 1971இல் நமீபியா பற்றிய கருத்துரையில் சர்வதேச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கம் இல்லையென்றால் நான் மேலே சொன்ன 2020 ஜனவரித் தீர்மானமே இல்லை. அதில் ரஷ்யா, சீனா, அமெரிக்கா, பிரிட்டன் நான்கும் விலகின. ஐந்தில் பிரான்ஸ் மட்டும்தான் கை தூக்கியது. ஒருவருக்கும் பிடிக்காத ஒன்றை யாரும் தடுக்காமல் விடுவதற்கு அந்த விலகல் ஒரு வாசல்.

ஈரானில் நீங்கள் நடந்ததைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள். ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போடவே இல்லை. செப்டம்பர் 19 அன்று ஓட்டுக்கு வந்தது "தடை விலக்கு தொடரட்டும்" என்ற வரைவு. அவை இரண்டும் அதற்கு ஆதரவு. மொத்தம் 4 ஆதரவு, 9 எதிர்ப்பு, 2 விலகல். வரைவு விழுந்தது, தடைகள் திரும்பின.

ஏன் இப்படித் திருப்பி வைத்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். 2015இல் ஈரான் அணு ஒப்பந்தத்துக்காக 2231 தீர்மானம் எழுதியபோது அமெரிக்காவுக்கு ஒரு பயம். ஈரான் வாக்கு மீறினால் தடைகளைத் திரும்பக் கொண்டுவரப் புதிய தீர்மானம் வேண்டும், அதை ரஷ்யா வீட்டோ போட்டுத் தடுக்கும். ஆகவே கேள்வியைப் புரட்டிப் போட்டார்கள். யாராவது புகார் கொடுத்து 30 நாளில் "விலக்கு தொடரும்" என்று கவுன்சில் தீர்மானிக்காவிட்டால், பழைய தடைகள் தாமாகத் திரும்பிவிடும். இப்போது வீட்டோ பயன்படுவது தடை வேண்டும் என்பவருக்கு. ரஷ்யா 14 ஓட்டுச் சேர்த்திருந்தாலும் ஒரு பிரிட்டிஷ் வீட்டோவில் கதை முடிந்திருக்கும். (ரஷ்யாவும் சீனாவும் இந்தத் திரும்பி வருதலையே செல்லாது என்கின்றன, அது தனிச் சண்டை.)

வீட்டோ வலுவிழக்கவில்லை. கை மாறியது.

நெல்லைவாசி | 5 அக்டோபர் 2025, மாலை 4.20

அப்படியானால் காலாவதி தேதி இருந்தால் ஒருவருக்கு லாபம், இல்லாவிட்டால் இன்னொருவருக்கு. இப்படிப் புரிந்துகொள்வது சரியா?

சரக்குப்பதிவு | 5 அக்டோபர் 2025, இரவு 9.45

சரிதான். எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சுத்தமான உதாரணம் வட கொரியா. அங்கே ஒரே விவகாரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வட கொரியா மீதான தடைகளுக்கு முடிவு தேதி கிடையாது. அந்தத் தடைகளை யார் மீறுகிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதும் நிபுணர் குழுவுக்கு, 2009இல் தொடங்கியது, ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பு வேண்டும். 2024 மார்ச் 28 அன்று ரஷ்யா நீட்டிப்பை வீட்டோ போட்டது. 13 ஆதரவு, சீனா விலகல். ஏப்ரல் 30 உடன் குழு கலைந்தது. தடைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, அவற்றை எடுக்க ரஷ்யாவால் முடியாது, எடுக்கும் தீர்மானத்தை அமெரிக்கா விடாது. பூட்டு தொங்குகிறது, காவலாளியை அனுப்பிவிட்டார்கள். (பின்னால் பதினோரு நாடுகள் சேர்ந்து கவுன்சிலுக்கு வெளியே ஒரு கண்காணிப்புக் குழு வைத்துக்கொண்டன, அதற்கு ஐ.நா.வின் முத்திரை கிடையாது.)

ஈராக்கைப் பாருங்கள். 1990 ஆகஸ்டில் 661 தீர்மானத்தால் போட்ட பொருளாதாரத் தடைக்கு முடிவு தேதி எழுதவில்லை. அப்போது அவசரம், குவைத்தை விட்டு ஈராக் வெளியேறினால் போதும் என்று நினைத்தார்கள். பிறகு தடையைத் தளர்த்த வேண்டும் என்று பிரான்சும் ரஷ்யாவும் சொல்லத் தொடங்கியபோது, தளர்த்தவே புதிய தீர்மானம் தேவைப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன் அசையவில்லை. தடை முக்கால்வாசி நீங்கியது 2003 மே மாதத்தில், போர் முடிந்து ஆட்சி கவிழ்ந்த பிறகு. கிட்டத்தட்ட பதின்மூன்று வருடம். ஒரு நாட்டு மக்களின் மருந்தையும் சோற்றையும் தொட்ட தடை. அதை நீட்டித்து வைக்க எத்தனை வீட்டோ போடவேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. எந்த வரைவும் அந்த மேசை வரை வராது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

யாழ்_தெரு | 6 அக்டோபர் 2025, காலை 5.30

இதை வாசிக்கேக்க ஒரு விசயம் சொல்லத் தோன்றுது. எங்கட விசயத்திலயும் ஒருத்தரும் வீட்டோ போடவில்லை. 2009 வன்னியில் அவ்வளவு நடந்தும் இலங்கை கவுன்சிலின் நிகழ்ச்சிநிரலில் ஏறவேயில்லை. உறுப்பு நாடுகள் சந்தித்துக் கதைத்தவை, ஆனால் அது முறையான கூட்டம் இல்லை, பதிவும் இல்லை. மே மாதத்தில் ஒரு பத்திரிகை அறிக்கை வந்தது, அவ்வளவுதான். நான் அந்த நேரம் வவுனியாவில். ஐ.நா. கூடுது, ஐ.நா. கூடுது என்று ஒவ்வொரு இரவும் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு என்ன தெரியும், அது கணக்கில் வராத கூட்டம் என்று. சீனாவும் ரஷ்யாவும் தடுத்தது என்று எல்லாரும் சொல்லுகினம். எங்கே தடுத்தது, எந்த ஓட்டில் தடுத்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் இல்லை.

சரக்குப்பதிவு | 6 அக்டோபர் 2025, பகல் 12.10

அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வியை நான் இத்தனை நாள் சரியாகக் கேட்டுப் பார்க்கவில்லை. நேற்றிரவு நான் எழுதியதையும் இதனால் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

ஒரு விவகாரத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது நடைமுறை வாக்கெடுப்பு. அதில் வீட்டோ செல்லாது. ஒன்பது ஓட்டுக் கிடைத்தால் போதும். 2006 செப்டம்பரில் மியான்மரை அப்படித்தான் ஏற்றினார்கள். சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்து ஓட்டுப் போட்டும் 10-4 என்று ஏறிவிட்டது. நான்கு மாதம் கழித்து, 2007 ஜனவரி 12 அன்று, உண்மையான தீர்மானம் வந்தபோது அவை இரண்டும் வீட்டோ போட்டு வீழ்த்தின. ஆனால் மியான்மர் நிரலில் இருந்தது. கூட்டம் நடத்தலாம், அறிக்கை கேட்கலாம், பதிவு இருக்கும்.

இலங்கை விஷயத்தில் 2009இல் அந்த நடைமுறை வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஒன்பது ஓட்டுக் கிடைத்திருக்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆகவே "வீட்டோ தடுத்தது" என்பது முழு உண்மை இல்லை. முடிவில் எப்படியும் வீட்டோ வரும், எதற்கு இப்போது மோத வேண்டும் என்ற நினைப்பு, வீட்டோ செல்லாத இடத்திலும் கையைக் கட்டிப்போட்டது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஓட்டு இல்லாததாலும் விட்டிருக்கலாம், அக்கறை இல்லாததாலும் விட்டிருக்கலாம். ஆனால் நிரந்தர உறுப்பினர்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்ற பத்து நாடுகளை விட்டுவிடுவது எனக்கு இப்போது உறுத்துகிறது.

யாழ்_தெரு | 6 அக்டோபர் 2025, மாலை 7.00

அந்தப் பத்தையும் யாராவது கேட்டிருக்க வேணும். வேற ஒன்றும் எழுத மனமில்லை. நீங்கள் தொடருங்கோ.

வாத்தியார்_ஓய்வு | 7 அக்டோபர் 2025, காலை 8.15

சரக்குப்பதிவு தம்பி, கிடங்கு வேலை என்று சொல்லிவிட்டு அதைப் பற்றி எழுதவே இல்லையே. அங்கே இந்தத் தேதி எப்படித் தெரிந்தது?

சரக்குப்பதிவு | 7 அக்டோபர் 2025, இரவு 10.20

எழுதுகிறேன் ஐயா.

ரெய்ஹான்லியில் ஒரு பெரிய வெட்டவெளி. துருக்கி லாரியும் சிரியா லாரியும் பின்பக்கம் பின்பக்கமாக ஒட்டி நிற்கும். நடுவில் ஆட்கள் மூட்டைகளை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவார்கள். பக்கத்தில் ஐ.நா. கண்காணிப்பாளர் தாளோடு நின்று எண்ணுவார், அங்கங்கே பெட்டியைப் பிரித்து உள்ளே இருப்பது பட்டியலில் இருப்பதுதானா என்று பார்ப்பார். ஏற்றி முடிந்ததும் கதவுக்கு முத்திரை. அந்த எண்ணை நான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு இலக்கம் தப்பினால் லாரி நகராது. இவ்வளவும் கவுன்சில் விதித்த நிபந்தனைதான்: சரக்கு நிவாரணம் மட்டுமே என்று உறுதிசெய்து டமாஸ்கசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அலுவலகச் சுவரில் வெள்ளைப் பலகை. அதன் மூலையில் சிவப்பில் ஒரு எண், அனுமதி முடிய இன்னும் எத்தனை நாள் என்று. தினமும் காலையில் யாராவது அழித்து மாற்றி எழுதுவார்கள். எண் நாற்பதுக்குக் கீழே வந்தால் எங்கள் வேலையின் போக்கே மாறும். எது கெடாதோ, எது இடம் அடைக்காதோ அதை முன்கூட்டித் தள்ளு, அந்தப் பக்கம் கிடங்கில் குவி. மாவு மூட்டைக்கும் பயன்படுத்தும் கெடு இருக்கிறது, மருந்துக்கு இன்னும் குறைவு. குவித்து வைத்தவை எல்லாம் சரியான நேரத்தில் சரியான ஆளுக்குப் போவதில்லை.

2022 ஜூலையில் அயர்லாந்தும் நார்வேயும் 12 மாத வரைவு கொண்டுவந்தன. ஜூலை 8 அன்று ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. 10ஆம் தேதி அனுமதி முடிந்தது. 11ஆம் தேதி அந்த வெட்டவெளி காலி. ஓட்டுநர்கள் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், பலகையில் எண்ணே இல்லை. 12ஆம் தேதி நியூயார்க்கில் ரஷ்யா கேட்ட ஆறு மாதம் நிறைவேறியது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் விலகின.

ஜூலையிலிருந்து ஆறு மாதம் என்றால் முடிவது ஜனவரி 10. அந்த மலைப்பகுதியில் கூடாரத்தின் மேல் பனி விழும் மாதம் அது. அடுப்பெரிபொருளும் கம்பளியும் அதிகம் வேண்டிய வாரத்தில் எங்களிடம் சட்டப்படி நாளை என்பது இல்லை. கொள்முதலும் அப்படித்தான். டெண்டர் விட்டு, பொருள் வாங்கி, துறைமுகம் வந்து, எங்கள் கிடங்கு சேர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆறு மாத அனுமதியில் பாதி வழியிலேயே போய்விடும். விதை, கிணறு பழுது, பள்ளிக்கூடக் கூரை மாதிரி நீண்ட வேலைக்குப் பணம் தருபவர்கள் தயங்குவார்கள். வாயில் திறந்திருக்கும்போதே உள்ளே நடப்பது சுருங்கிப்போகும். எந்த வாக்குப் பதிவிலும் இது தெரியாது.

பெயரில்லை_87 | 8 அக்டோபர் 2025, காலை 6.40

2022 ஜூலை 8 வீட்டோவில் சீனா சேரவில்லை. விலகியது. ரஷ்யா மட்டும்தான்.

சரக்குப்பதிவு | 8 அக்டோபர் 2025, காலை 9.00

ஆமாம், தப்பு என்னுடையது. 13 ஆதரவு, ரஷ்யா எதிர்ப்பு, சீனா விலகல். 2020இல் இரண்டும் சேர்ந்து போட்டதை இதோடு குழப்பிவிட்டேன். நன்றி.

ஜூனியர்_வக்கீல் | 8 அக்டோபர் 2025, மாலை 5.30

ஈரான் விஷயத்தில் நான் படித்தது தப்புதான், ஏற்கிறேன். ஆனால் இப்போது ஒரு கேள்வி. சிரியாவின் பெரும்பகுதி மக்கள் பட்டினியில் இருக்கும்போது, அரசு காரணமில்லாமல் உதவியை மறுத்தால், எல்லை தாண்டிப் போக கவுன்சில் அனுமதியே தேவையில்லை என்று வாதிடும் சட்ட அறிஞர்கள் நிறைய உண்டு. அப்படியானால் 2014இல் கவுன்சிலுக்குப் போனதே பிழையா? இல்லாத பூட்டுக்குச் சாவி செய்து ரஷ்யாவின் கையில் கொடுத்த மாதிரி?

சரக்குப்பதிவு | 8 அக்டோபர் 2025, இரவு 11.05

இதை நான் அங்கே இருந்தபோது எத்தனை இரவு பேசியிருப்போம் என்று கணக்கில்லை. என் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் நான் உங்கள் பக்கம். 2014க்கு முன்பே தொண்டு நிறுவனங்கள் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஐ.நா. அமைப்புகள் அரசின் சம்மதம் இல்லாமல் காலை வைக்காது. ஐ.நா. இல்லாமல் அந்த அளவு சரக்கு வராது, வடமேற்கில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அப்புறம் தோன்றியது, 2014இல் முடிவு தேதி இல்லாத அனுமதியை ரஷ்யா விட்டிருக்குமா? நிச்சயம் விட்டிருக்காது. அந்த 180 நாள், அன்றைக்கு வீட்டோ வராமல் இருக்கக் கொடுத்த விலை. ஐந்தரை வருடம் நான்கு வாயில் கிடைத்தது, பிறகு அதே விலையைத் தவணையில் வசூலித்தார்கள்.

பிறகு நிலநடுக்கம். 2023 பிப்ரவரி 6. நான் விடுப்பில் திருச்சியில் இருந்தேன், போனில் ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டப்படி திறந்திருந்தது ஒரே வாயில், அதற்குப் போகும் சாலை உடைந்திருந்தது. முதல் ஐ.நா. தொடர் 9ஆம் தேதி போனது, ஆறு லாரி. அவற்றில் இருந்ததும் நிலநடுக்கத்துக்கு முன்பே திட்டமிட்ட சரக்கு. 2020இல் இழந்த பாப் அல்-சலாம் அந்தப் பக்கமே இருந்தது. அது திறந்தது 14ஆம் தேதி, அசாத் மூன்று மாதத்துக்குச் சம்மதம் கொடுத்த பிறகு. எட்டு நாள். இடிபாட்டுக்கு அடியில் இருப்பவருக்கு எட்டு நாள் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாண்டுக்கு முன் நியூயார்க்கில் ஒரு வரைவிலிருந்து ஒரு பெயரை அடித்தார்கள், அது இங்கே வந்து சேர்ந்தது. சாலையும் கிரேனும் இல்லாததும் காரணம்தான், எல்லாம் வீட்டோவால் என்று சொன்னால் பொய்யாகும். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கடைசி அத்தியாயம் 2023 ஜூலை 11. பிரேசில், சுவிட்சர்லாந்து வரைவு ஒன்பது மாதம் கேட்டது, 12க்கும் 6க்கும் நடுவில் ஒரு சமரசம். ரஷ்யா வீட்டோ. ரஷ்யாவின் ஆறு மாத வரைவுக்கு இரண்டே ஓட்டு. அனுமதி செத்தது. ஆனால் சில வாரங்களில் டமாஸ்கஸ் தானே சம்மதம் கொடுத்து அதே வாயிலைத் திறந்தது. லாரி ஓடியது. அதாவது கவுன்சிலின் அனுமதியாக இருந்தது அசாத்தின் சலுகையாக மாறியது. ரஷ்யா 2014 முதல் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். 2024 டிசம்பரில் அசாத்தே போய்விட்டார், அது இன்னொரு கதை.

ஆகவே 2014இல் போனது பிழையா? எனக்கு இன்னும் தெரியவில்லை வக்கீல் சார்.

நெல்லைவாசி | 10 அக்டோபர் 2025, காலை 10.00

சரி, தீர்வு என்று ஏதாவது உண்டா? சாசனத்தைத் திருத்த முடியாதா?

வாத்தியார்_ஓய்வு | 10 அக்டோபர் 2025, பகல் 2.30

திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் ஒப்புதலும் வேண்டும், 108ஆம் பிரிவு. தன் வீட்டோவைத் தானே ஒழிக்க எவரும் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஆனால் நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். 1963இல் கவுன்சிலை 11இலிருந்து 15 ஆக்கப் பொதுச்சபையில் ஓட்டெடுத்தபோது பிரான்சும் சோவியத்தும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரிட்டனும் விலகின. இரண்டே வருடத்தில் ஐந்தும் ஒப்புதல் கொடுத்தன. புதிதாக விடுதலை அடைந்த அத்தனை நாடுகளின் முகத்தில் கதவைச் சாத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

சரக்குப்பதிவு | 10 அக்டோபர் 2025, மாலை 6.45

அன்று கூட்டியது நாற்காலியைத்தான் ஐயா, வீட்டோவைத் தொடவில்லை. 2022 ஏப்ரல் முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது, லிக்டன்ஸ்டைன் முன்னின்று கொண்டுவந்தது: யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கும். வீட்டோ போட்டவர் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டிய நிலை. நல்லதுதான். ஆனால் அது போட்ட வீட்டோவுக்கு மட்டும். 2020 ஜனவரி மாதிரி, பயத்தில் சுருங்கி நிறைவேறியதற்கு எந்தக் கூட்டமும் கூடாது.

எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம். எழுதும்போதே காலாவதி வரியில் சண்டை போட வேண்டும். மனிதாபிமான அனுமதி என்றால் "கவுன்சில் வேறு முடிவெடுக்கும் வரை" என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் குளிர்காலத்தில் முடியாத தேதியையாவது கேளுங்கள். தடை என்றால் முடிவு தேதியோடு எழுதுங்கள், ஈராக் மாதிரி ஆகாமல் இருக்க. பெரும்பாலும் பேனா பிடிப்பது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ்தான். ஆனால் சிரியா நிவாரணத்தில் வரைவு எழுதியவை தேர்ந்தெடுக்கப்பட்ட நாடுகள், இரண்டு வருடத்தில் போய்விடுபவை. அவர்கள் கையில் இருக்கும் நேரத்தில் செய்ய முடிந்தது அந்த ஒரு வரி.

நெல்லைவாசி | 12 அக்டோபர் 2025, காலை 7.25

நீங்கள் சொன்ன மாதிரி காலாவதி வரியை மட்டும் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கிடைத்தது. என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருந்தபோது தெற்கு லெபனானில் ஐ.நா. படையில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவன், அதனால் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. 1978 முதல் இருக்கும் படை. ஆண்டுதோறும் நீட்டிப்பு. இந்த ஆகஸ்ட் 28 அன்று 2790 தீர்மானம், 15-0, ஒருமனதாக. உள்ளே பார்த்தால் "இதுவே கடைசி நீட்டிப்பு", 2026 டிசம்பர் 31 வரை, அதன்பின் ஒரு வருடத்தில் வெளியேற வேண்டும். வரைவு எழுதிய பிரான்சுக்குப் படை இருக்க வேண்டும் என்றுதான் விருப்பம். அமெரிக்காவுக்கு முடிக்க வேண்டும். நான் தொடக்கத்தில் போட்ட கணக்கில் இது வெற்றித் தீர்மானம், வீட்டோ பூஜ்யம்.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

சரக்குப்பதிவு | 12 அக்டோபர் 2025, காலை 9.50

மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள். தலைப்பு "முதல் வரைவில் என்ன இருந்தது". அதை நிரப்புவது கடினம், முதல் வரைவுகள் வெளியே வருவது அரிது. லெபனானுக்கு நான் தேடிப் பார்க்கிறேன். சிரியா நிவாரண வாயில்கள் மீது விழுந்த ஐந்து வீட்டோக்களுக்கும் என்னிடம் குறிப்பு இருக்கிறது, இன்று இரவு ஏற்றுகிறேன்.

யாழ்_தெரு | 12 அக்டோபர் 2025, பகல் 1.15

நிகழ்ச்சிநிரலில் ஏறாதவைக்கும் ஒரு பத்தி விடுங்கோ.

சரக்குப்பதிவு | 12 அக்டோபர் 2025, பகல் 1.30

விட்டிருக்கிறேன் அண்ணா. முதல் வரியாக 2009 போட்டிருக்கிறேன்.